மூன்று கட்டுரைகள், ஓர் ஆய்வேடு: அனுமதி கேட்டு ஒரு கடிதம்

கனடாவில் ஏரிகளை ஆராயும் ஒரு முனைவர் பட்ட மாணவி, நான்காம் ஆண்டுக் குளிர்காலத்தில் தன் பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்பு அலுவலகத்துக்குக் கடிதம் எழுத உட்காருகிறார். கேட்கப் போவது ஒன்றுதான். ஆறேழு இயல்கள் கொண்ட ஒரே நூலாக ஆய்வேட்டை எழுத அவர் விரும்பவில்லை. ஆய்விதழ்களுக்காக எழுதிய மூன்று கட்டுரைகளையே மூன்று இயல்களாக வைத்து, முன்னும் பின்னும் இடையிலும் சேர்க்க வேண்டியதை எழுதிச் சேர்த்துச் சமர்ப்பிக்க அவருக்கு அனுமதி வேண்டும்.

இந்த மாணவி எடுத்துக்காட்டுக்காக நாம் வரைந்துகொண்டவர். அவர் முன்னால் இருக்கும் விதிகளும், அலுவலகம் கேட்கும் கேள்விகளும், ஏரியின் அறிவியலும் உண்மையானவை.

அவர் முதலில் எழுதிய வரைவு நான்கு வரிதான். "என்னிடம் மூன்று கட்டுரைகள் உள்ளன. ஒன்று வெளியாகிவிட்டது. இவற்றையே மறுபடியும் வேறு வடிவில் எழுதினால் ஓராண்டு வீணாகும். எனவே கட்டுரைத் தொகுப்பாகச் சமர்ப்பிக்க அனுமதிக்க வேண்டுகிறேன்."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு அலுவலகத்தால் ஒரு முடிவும் எடுக்க முடியாது. மாணவிக்கு என்ன லாபம் என்று அது சொல்கிறது. தேர்வாளர்கள் கையில் என்ன வந்து சேரும் என்று சொல்லவில்லை. பட்டம் கொடுப்பவர்களுக்கு அதுதானே தெரிய வேண்டும்?

கட்டுரைகளை வைத்துப் பட்டம் தருவது புதிய வழக்கம் அல்ல. நமக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரே அதற்குச் சான்று. 1916 மார்ச் மாதம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கணித மேதை இராமானுஜனுக்கு ஆராய்ச்சி வழியான பி.ஏ. பட்டம் வழங்கியது. அங்கே பிஎச்.டி. என்ற பட்டம் இன்னும் வந்திராத காலம் அது. மிகு பகு எண்களைப் பற்றிய அவருடைய ஆய்வுதான் அந்தப் பட்டத்துக்கு அடிப்படை. அந்த ஆய்வு அதற்கு முந்தைய ஆண்டே லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் நீண்ட கட்டுரையாக வெளிவந்திருந்தது.

ஆனால் இராமானுஜனின் கட்டுரைக்கும் நம் மாணவியின் கட்டுரைகளுக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. அந்தக் கட்டுரையை எழுதியவர் ஒருவர். இன்றைய அறிவியல் கட்டுரையில் நான்கு பெயர் இருக்கும், ஏழு பெயர் இருக்கும். மாதிரி எடுத்தவர், அளந்தவர், கணக்கிட்டவர், எழுதியவர் எல்லாரும் அந்தப் பட்டியலில் இருப்பார்கள். பட்டம் மட்டும் ஒருவருக்கு. அலுவலகத்தின் தயக்கத்தில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது.

இந்த வடிவத்தை ஊருக்கு ஊர் வேறு பெயரில் அழைக்கிறார்கள். மான்ட்ரியாலில் இருக்கும் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இது கட்டுரை வழி ஆய்வேடு. ஒன்டாரியோவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 'சாண்ட்விச் ஆய்வேடு'. முன்னுரைக்கும் முடிவுரைக்கும் நடுவில் கட்டுரைகள் அடுக்கியிருப்பதால் அந்தப் பெயர். சுவீடனில் அறிவியல் துறைகளில் இதுவே வழக்கமான வடிவம். கட்டுரைகளுக்கு முன்னால் மாணவர் எழுதும் நீண்ட தொகுப்புரையை அங்கே 'கப்பா' என்கிறார்கள். சுவீடிய மொழியில் அந்தச் சொல்லுக்கு மேலங்கி என்று பொருள். தனித்தனியாக நிற்கும் கட்டுரைகளை ஒரே உடலாகக் காட்டும் அங்கி அது.

ஏற்கெனவே வெளியான நூல்களையும் கட்டுரைகளையும் பணியில் இருக்கும் ஆசிரியரோ பழைய மாணவரோ கொண்டுவந்து கொடுத்துப் பட்டம் பெறும் இன்னொரு வழியும் சில நாடுகளில் உண்டு. அதையும் இதையும் ஒன்றாகக் கருதிவிடக் கூடாது. நம் மாணவி முறைப்படி சேர்ந்து, நெறியாளரின் கீழ் நான்கு ஆண்டு ஆய்வு செய்தவர். அவர் கேட்பது ஆய்வேட்டின் வடிவத்துக்கான அனுமதி மட்டும்தான்.

சில பல்கலைக்கழகங்களில் இதற்கு அனுமதியே தேவையில்லை. விதிப்படி அமைத்தால் போதும். சில இடங்களில் நெறியாளரின் ஒப்புதல் போதும். துறை இதுவரை பழக்கப்படாத இடங்களில்தான் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. எனவே மாணவி செய்ய வேண்டிய முதல் வேலை, தன் பல்கலைக்கழகத்தின் விதிநூலைத் திறந்து இது தடுக்கப்பட்டிருக்கிறதா, அனுமதிக்கப்பட்டிருக்கிறதா, அல்லது அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையா என்று பார்ப்பது. மூன்றும் மூன்று விதமான கடிதங்களைக் கேட்கும். நம் மாணவியின் விதிநூல், "துறையின் பரிந்துரையுடன் அலுவலகம் அனுமதிக்கலாம்" என்கிறது. ஆகவே கடிதத்தில் அந்த விதியின் எண்ணை எழுதி, துறைத் தலைவரின் பரிந்துரையை இணைத்தாக வேண்டும்.

இனி அவருடைய ஏரிக்குப் போவோம்.

அது நடுத்தர அளவுள்ள ஓர் ஏரி. சில பத்தாண்டுகளாகக் கோடையில் பச்சைப் பாசி படர்கிறது. காரணம் பாஸ்பரஸ் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தப் பாஸ்பரஸ் இப்போதும் சுற்றியுள்ள வயல்களிலிருந்து வந்துகொண்டிருக்கிறதா, அல்லது எப்போதோ வந்து அடிச்சேற்றில் தங்கியது திரும்ப மேலே எழுகிறதா என்பதுதான் கேள்வி. விடையைப் பொறுத்துச் செய்ய வேண்டிய வேலையும் மாறும். வயலிலிருந்து வருகிறது என்றால் உரத்தைக் குறைக்க வேண்டும். சேற்றிலிருந்து வருகிறது என்றால் உரத்தைக் குறைத்த பிறகும் பல ஆண்டு காத்திருக்க வேண்டும்.

முதல் கட்டுரைக்காக மாணவி ஏரியின் அடியில் நீண்ட குழாயை இறக்கி, சேற்றை அடுக்குக் கலையாமல் எடுத்தார். ஒவ்வொரு சென்டிமீட்டரும் எந்த ஆண்டில் படிந்தது என்பதைக் காரீயம்-210 என்ற கதிரியக்கத் தனிமம் சொல்லும். ஏறத்தாழ 22 ஆண்டுக்கு ஒருமுறை அது பாதியாகக் குறைவதால், நூறு நூற்றைம்பது ஆண்டு வரை கணக்குப் பார்க்கலாம். மேலடுக்குகளில் பாஸ்பரஸ் வேகமாகக் கூடியிருந்தது. அண்மை ஆண்டுகளில் வெளியிலிருந்து வரும் வரத்து அதிகரித்திருக்கிறது என்று கட்டுரை முடிந்தது. அது வெளியாகிவிட்டது.

இரண்டாம் கட்டுரை பனிக்கடியில் நடந்த வேலை. குளிர்காலத்தில் ஏரியின் மேல் பனி மூடிக்கொண்டால் காற்றிலிருந்து பிராணவாயு இறங்காது. அடிநீரில் இருப்பது மெல்லத் தீரும். அது தீர்ந்ததும், சேற்றில் பாஸ்பரஸைப் பிடித்துவைத்திருக்கும் துருவேறிய இரும்பு கரையத் தொடங்கி, பிடித்ததை விட்டுவிடும். இப்படி எவ்வளவு பாஸ்பரஸ் வெளியேறுகிறது என்று இரண்டு குளிர்காலம் அளந்து எழுதினார். அது இப்போது ஓர் ஆய்விதழின் மதிப்பாய்வில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து, உர வரத்தைக் குறைத்தால் ஏரி எத்தனை ஆண்டில் தெளியும் என்று கணக்கிடுவது மூன்றாம் கட்டுரை. கையெழுத்துப் படியாக இருக்கிறது. இன்னும் எங்கும் அனுப்பவில்லை.

இந்த மூன்றையும் அடுக்கிப் பார்த்தால் ஒரு சங்கடம் தெரியவரும். சேற்றில் பாஸ்பரஸ் அசையாமல் கிடப்பதில்லை என்று இரண்டாம் கட்டுரை காட்டுகிறது. ஆழத்தில் விடுபடும் பாஸ்பரஸ், சேற்றிடையே உள்ள நீர் வழியாக மேல்நோக்கி நகர்ந்து, மேலடுக்கில் இரும்பு கிடைக்கும் இடத்தில் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அப்படியென்றால் முதல் கட்டுரை கண்ட மேலடுக்குப் பெருக்கத்தில் ஒரு பங்கு அண்மையில் வந்ததே அல்ல, கீழிருந்து ஏறியது. மாணவியின் முதல் கட்டுரை சொன்ன முடிவை அவருடைய இரண்டாம் கட்டுரையே அசைத்துவிட்டது.

வழக்கமான ஆய்வேடு என்றால் இது சிக்கலே அல்ல. எல்லா இயல்களையும் கடைசியில் எழுதுவதால், முதல் இயலின் முடிவைத் திருத்திக்கொண்டு போய்விடலாம். அச்சான கட்டுரையில் கைவைக்க முடியாது. கட்டுரைகளை மட்டும் நூல்கட்டி அனுப்பினால், இரண்டாம் இயலில் ஒன்றும் மூன்றாம் இயலில் அதற்கு மாறாக ஒன்றும் படிக்கும் தேர்வாளர், மாணவிக்கே இது தெரியவில்லை என்று நினைப்பார்.

இந்த வடிவத்தின் உயிர்நாடியான பகுதி இதற்குத்தான் இருக்கிறது: இணைப்புரை. கட்டுரைத் தொகுப்பாக மட்டும் ஆய்வேடு இருக்கக் கூடாது, இயலுக்கும் இயலுக்கும் நடுவே தொடர்பைச் சொல்லும் உரை வேண்டும் என்று மெக்கில் பல்கலைக்கழகத்தின் விதிகள் கேட்கின்றன. இணைப்புரை இரண்டு பக்கம் இருந்தாலும் போதும். "முந்தைய இயலில் பாஸ்பரஸ் எப்படிக் கூடியது என்று கண்டோம், அடுத்த இயலில் எப்படி வெளியேறுகிறது என்று காண்போம்" என்று எழுதினால் அது வெறும் வழிகாட்டிப் பலகை. நம் மாணவி எழுத வேண்டியது வேறு. முதல் கட்டுரை எந்த அனுமானத்தில் நின்றது, அது எங்கே தளர்ந்தது, மேலிருந்து எத்தனை சென்டிமீட்டரை இப்போது நம்பக் கூடாது, அதற்குக் கீழே உள்ள பழைய அடுக்குகள் சொல்லும் கதை ஏன் இன்னும் நிற்கிறது என்று அவர் எழுத வேண்டும். அதைப் படிக்கும் தேர்வாளருக்கு நான்கு ஆண்டில் ஒருவரின் சிந்தனை எப்படி நகர்ந்தது என்பது கண்ணுக்குத் தெரியும்.

எனவே கடிதத்தில் இந்தச் சங்கடத்தை மறைக்காமல் எழுதுவதே நல்லது. அலுவலகத்தின் முதல் ஐயம், "மூன்று கட்டுரை சேர்ந்தால் ஓர் ஆய்வு ஆகுமா?" என்பது. மூன்றும் ஒரே ஏரியைப் பற்றியவை என்பது அதற்குப் பதில் ஆகாது. ஒன்று எழுப்பிய கேள்வியை அடுத்தது எடுத்துக்கொண்டது என்று காட்டினால்தான் பதில்.

இரண்டாவது ஐயம் முன்பே சொன்னது: யார் செய்த வேலை இது? முதல் கட்டுரையில் நான்கு பெயர்கள். மாணவியின் பெயர் முதலில் இருக்கிறது என்பது ஓரளவுக்குத்தான் உதவும். பெயர் வரிசைக்குத் துறைக்குத் துறை பொருள் மாறும். கணிதத்திலும் பொருளியலிலும் அகர வரிசையில் பெயரைப் போடுவது வழக்கம். ஆகவே ஒவ்வொரு கட்டுரைக்கும் பங்களிப்பு விளக்கம் ஒன்றை எழுதித் தர வேண்டும். பங்களிப்புகளை 14 வகையாகப் பிரிக்கும் 'கிரெடிட்' என்ற பட்டியலைப் பல ஆய்விதழ்கள் பயன்படுத்துகின்றன. கருத்தை உருவாக்கியது, தரவு திரட்டியது, பகுத்தாய்ந்தது, முதல் வரைவு எழுதியது என்று அது தனித்தனியாகக் கேட்கும்.

மாணவியின் விளக்கம் இப்படி அமையலாம்: "சேற்று மாதிரியை நானும் இரண்டாம் ஆசிரியரும் எடுத்தோம். காரீயம்-210 அளவீட்டை மூன்றாம் ஆசிரியரின் ஆய்வகம் செய்தது. அந்த அளவீட்டிலிருந்து வயதைக் கணித்ததும், பாஸ்பரஸ் பகுப்பாய்வும், முதல் வரைவும் என்னுடையவை. நான்காம் ஆசிரியர் என் நெறியாளர். ஆய்வைத் திட்டமிடுவதில் வழிகாட்டி, வரைவைத் திருத்தினார்." எதைத் தான் செய்யவில்லை என்பதும் இதில் இருக்கிறது. எல்லாமே நான்தான் என்று எழுதினால், வாய்மொழித் தேர்வில் காரீய அளவீட்டின் பிழை வரம்பைப் பற்றிய முதல் கேள்வியிலேயே அது உடைந்துவிடும்.

இணை ஆசிரியர்கள் இந்த விளக்கத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் இன்னொரு கேள்வியும் தீரும். அதே கட்டுரையை வேறொரு மாணவரும் தன் ஆய்வேட்டில் வைக்கப் போகிறாரா? ஒரே ஆய்வகத்தில் இருவர் சேர்ந்து உழைத்த கட்டுரைகளில் இது நடக்கக்கூடியதுதான். இறுதி ஆண்டில் தெரியவந்தால் இருவருக்குமே இடைஞ்சல். அதனால் கடிதம் போவதற்கு முன்பே பேசி எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது ஐயம், "ஆய்விதழ் ஏற்றுக்கொண்டுவிட்டதே, இனி தேர்வாளருக்கு என்ன வேலை?" என்பது. மாணவர்களில் சிலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். மெக்கிலின் விதி இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை: கட்டுரை முன்பே வெளியாகியிருந்தாலும், ஆய்வேட்டைப் பற்றிப் பல்கலைக்கழகம் செய்யும் மதிப்பீட்டுக்கு அது மாற்று ஆகாது. ஆய்விதழின் மதிப்பாய்வாளர் பார்ப்பது ஒரு கட்டுரை வெளியிடத் தக்கதா என்பதை. தேர்வாளர் பார்ப்பது ஒருவர் பட்டத்துக்குத் தக்கவரா என்பதை.

இதோடு சேர்ந்தே வருவது சுருக்கத்தின் குறை. ஆய்விதழில் இடம் குறைவு. மாதிரியைப் பதப்படுத்திய விதம் இரண்டு வரியில் முடிந்துவிடும். தோற்றுப்போன அளவீடுகள் வரவே வராது. முதல் குளிர்காலத்தில் மாணவியின் உணரி ஒன்று பனியில் உறைந்து ஆறு வாரத் தரவு போனது. கட்டுரையில் அது ஒரு வரி. ஆய்வேட்டில் அந்த இடைவெளியை எப்படி நிரப்பினார், நிரப்பியது முடிவை எவ்வளவு பாதித்தது என்று பின்னிணைப்பில் முழுமையாக வர வேண்டும். மூல அளவீடுகளும், செய்முறையும், கைவிட்ட வழிகளும் பின்னிணைப்பில் இருக்கும் என்று கடிதம் உறுதி தந்தால், தேர்வாளர் தீர்ப்பளிக்கத் தேவையானது அவர் கையில் இருக்கும் என்று அலுவலகம் நம்பும்.

இனி எஞ்சுவது உரிமை. வெளியான கட்டுரையின் பதிப்புரிமை பெரும்பாலும் பதிப்பகத்திடம் போயிருக்கும். ஆய்வேடோ பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் எல்லாரும் படிக்கும்படி ஏறும். நல்ல வேளையாக, பெரிய பதிப்பகங்கள் பலவும் ஆசிரியர் தன் கட்டுரையைத் தன் ஆய்வேட்டில் சேர்க்க இடம் தருகின்றன. நிபந்தனைகள்தான் வேறுபடும். எல்சேவியர் இதற்குத் தனி அனுமதி கேட்பதில்லை. ஐ.இ.இ.இ. தன் அச்சுப் பக்கங்களை இணையத்தில் ஏற்ற விடுவதில்லை. ஏற்றுக்கொள்ளப்பட்ட கையெழுத்துப் படியைத்தான் வைக்கச் சொல்கிறது. மாணவி தன் ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து, அந்தப் பத்தியைக் கடிதத்தோடு இணைத்துவிட்டால் போதும்.

இந்தியாவில் இதே கடிதத்தை எழுதுபவர் இன்னொன்றையும் சேர்க்க வேண்டியிருக்கும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 ஆம் ஆண்டு விதிகள், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஓர் ஆய்விதழ்க் கட்டுரையாவது வெளியிட வேண்டும் என்றன. 2022 விதிகள் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டன. ஆனால் 2018 இல் வந்த கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகளின்படி, ஆய்வேட்டில் பிற எழுத்துகளோடு ஒத்திருக்கும் பகுதி 10 விழுக்காட்டைத் தாண்டினால் நடவடிக்கை உண்டு. சொந்தக் கட்டுரையே ஓர் இயலாக இருந்தால், சோதிக்கும் மென்பொருள் அந்த இயல் முழுவதையும் ஒத்த எழுத்தாகக் காட்டும். எந்த இயல் எந்தக் கட்டுரை என்ற பட்டியலையும், அவை மாணவருடையவைதான் என்ற நெறியாளரின் சான்றையும் முன்கூட்டியே கொடுத்து, அவற்றை ஒதுக்கிவிட்டுச் சோதிக்கக் கேட்பதே வழி.

எல்லாருக்கும் இந்த வடிவம் பொருந்தாது. ஒரே வாதத்தை முந்நூறு பக்கத்துக்கு வளர்த்துச் செல்லும் வரலாற்று ஆய்வைக் கட்டுரைகளாக வெட்டினால் அதன் ஓட்டம் அறுந்துபோகும். அனைத்துக் கட்டுரைகளும் வெளியாகியே இருக்க வேண்டும் என்று கேட்கும் பல்கலைக்கழகத்தில், மதிப்பாய்வுக்கு மாதக்கணக்கில் காத்திருப்பதே உதவித்தொகைக் காலத்தைத் தின்றுவிடலாம். அதனால் ஒவ்வொரு கட்டுரையும் எந்த நிலையில் இருக்கிறது, அது நிராகரிக்கப்பட்டால் என்ன செய்வேன் என்பதையும் கடிதம் சொல்ல வேண்டும்.

மாணவி கடைசியாக அனுப்பிய கடிதம் ஒன்றரைப் பக்கம். அதன் நடுப்பகுதி இது:

"விதிநூலின்படி, துறையின் பரிந்துரையோடு இந்த அனுமதியைக் கேட்கிறேன். ஆய்வேட்டில் ஆறு இயல்கள் இருக்கும். முன்னுரையும் முடிவுரையும் இதற்கென்றே எழுதப்படுபவை. இரண்டாம், மூன்றாம், நான்காம் இயல்கள் மூன்று கட்டுரைகள்: முதலாவது வெளியாகிவிட்டது, இரண்டாவது மதிப்பாய்வில் உள்ளது, மூன்றாவது இன்னும் அனுப்பப்படவில்லை. இரண்டாவது நிராகரிக்கப்பட்டாலும் கையெழுத்துப் படியாகவே இயலில் இடம்பெறும். ஐந்தாம் இயல் மூன்றின் முடிவுகளையும் ஒருசேர மறுபரிசீலனை செய்யும். வெளியான கட்டுரையின் ஒரு முடிவை என் பின்னைய அளவீடுகள் திருத்துகின்றன. அதை இணைப்புரையிலும் ஐந்தாம் இயலிலும் வெளிப்படையாக விவாதிப்பேன். இணை ஆசிரியர்கள் கையெழுத்திட்ட பங்களிப்பு விளக்கங்களையும், பதிப்பகத்தின் உரிமைப் பத்தியையும், பின்னிணைப்பில் வரவிருக்கும் தரவுகளின் பட்டியலையும் இணைத்துள்ளேன்."

முதல் வரைவிலிருந்த "ஓராண்டு வீணாகும்" என்ற வரி இதில் இல்லை. அது உண்மையும் அல்ல என்பது எழுதும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. முன்னுரை, இணைப்புரைகள், ஐந்தாம் இயல், பின்னிணைப்பு எல்லாம் சேர்ந்தால் சில மாத வேலை இருக்கிறது.

இப்படி ஒரு கடிதத்துக்கு அலுவலகம் வழக்கமாக நிபந்தனையோடுதான் சம்மதிக்கும். நம் மாணவிக்கு வந்தவை இரண்டு. ஆய்வேடு எந்த வடிவத்தில் வருகிறது என்று புறத் தேர்வாளருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். கட்டுரையில் தேர்வாளர் திருத்தம் கேட்டால், அச்சான பக்கத்தைத் தொடாமல் அந்த இயலின் இறுதியில் தனிக் குறிப்பாக எழுத வேண்டும்.

அவர் முதல் கட்டுரையின் பிரதியை எடுத்துவைத்துக்கொண்டு, மேலடுக்கு பாஸ்பரஸைக் காட்டும் வரைபடத்தில் மேலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளிப் பென்சிலால் ஒரு கோடு போடுகிறார். இணைப்புரையின் முதல் வாக்கியம் அந்தக் கோட்டைப் பற்றியது.